ஒரு மில்லி சேம்பருக்கு ஐந்தே முக்கால் மில்லி

டிராயிங்கில் 10 மில்லிமீட்டர் ஓட்டை. அதன் வாய்க்கு ‘1 × 45°’ என்று ஒரு குறிப்பு. கூர்மையான ஓரத்தைச் சுற்றிலும் சரிவாகச் சீவிவிட வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் புதிதாக வந்த பையன் கூம்பு முனை கொண்ட சேம்பர் மில்லை மாட்டுகிறான். கேட்டது ஒரு மில்லிதானே என்று ப்ரோகிராமில் Z-1.0 என்று அடிக்கிறான். டூல் இறங்குகிறது, ஏறுகிறது. ஒரு சுருள்கூட விழவில்லை. டிரில் விட்டுப்போன பிசிறு ஓரத்தில் அப்படியே நிற்கிறது.

“அண்ணே, டூல் தொடவே இல்லண்ணே.”

“எப்படித் தொடும்? ஓட்டைக்கு நடுவுல காத்துலதான் சுத்திட்டு வருது.”

அண்ணன் சொன்னது சரிதான். ஒரு மில்லி இறங்கிய கூம்பு, ஜாப்பின் மேற்பரப்பு மட்டத்தில் இரண்டு மில்லி சொச்சம் விட்டத்துக்குத்தான் விரிந்திருக்கும். ஓட்டையோ பத்து மில்லி. சேம்பரின் அகலத்தை வைத்து ஆழத்தை முடிவு செய்யக் கூடாது. சேம்பர் போட்ட பிறகு ஓட்டையின் வாய் எவ்வளவு விட்டத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

வாய் விட்டம் கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டை 10. இந்தப் பக்கம் ஒரு மில்லி, அந்தப் பக்கம் ஒரு மில்லி. மொத்தம் 12. கூம்பின் 12 மில்லி விட்டமுள்ள இடம் ஜாப்பின் மேற்பரப்புக்குச் சரியாக வரும்போது டூல் நிற்க வேண்டும். 90 டிகிரி டூலில் மையக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் முனையிலிருந்து ஒரு மில்லி மேலே போனால் ஆரமும் ஒரு மில்லி கூடும். 12 விட்டம் என்றால் ஆரம் 6. ஆகவே ஆழமும் 6.

முனை ஊசிபோல இருந்தால் இதோடு வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலான சேம்பர் மில்களின் நுனி, கொஞ்சம் எழுதித் தேய்ந்த பென்சில் போலச் சின்னத் தட்டையோடுதான் வரும். டூலின் நீளத்தை எடுக்கும்போது ஜாப்பைத் தொடுவது அந்தத் தட்டைதான், இல்லாத ஊசிமுனை அல்ல. அதனால் தட்டையின் ஆரத்தைக் கழிக்க வேண்டும்.

அந்தத் தட்டை எவ்வளவு? கேட்டலாக்கில் பார்க்கலாம். நான் கேட்டலாக்கைவிடத் துண்டு இரும்பை நம்புவேன். ஓட்டை இல்லாத ஒரு கழிவுத் துண்டில் சரியாக 2 மில்லி இறக்கி எடுத்து, விழுந்த பள்ளத்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். 4.5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசிமுனை என்றால் 4 தான் இருந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள 0.5 தட்டையின் விட்டம். நம் கணக்கில் 12-லிருந்து 0.5 போக 11.5, அதில் பாதி 5.75. தட்டையை மறந்து 6 இறக்கியிருந்தால் வாய் 12.5 ஆகி, ஒரு மில்லி சேம்பர் ஒன்றேகால் ஆகியிருக்கும்.

எல்லாக் கோணத்துக்கும் பொதுவாக எழுதினால்:

```
Z = (D - d) / (2 × tan(A/2))
```

D வாய் விட்டம், d நுனித் தட்டையின் விட்டம், A டூலின் முழுக் கோணம். 90 டிகிரியில் tan 45-இன் மதிப்பு 1 என்பதால் அது கணக்கில் தெரியாமலே போய்விடுகிறது. அந்தச் சௌகரியத்தால்தான் பலரும் கோணத்தைப் பார்க்காமல் டூலை எடுக்கிறார்கள். அமெரிக்க அங்குலத் திருகுகளுக்கான கவுண்டர்சிங்க் 82 டிகிரியில் வரும். டப்பாவில் இரண்டும் கலந்து கிடந்தால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். அதே தட்டை உள்ள 82 டிகிரி டூலை 5.75 இறக்கினால் வாய் 10.5 மில்லிக்குத்தான் விரியும். சேம்பர் கால் மில்லி. சரிவின் கோணமும் 45 ஆக இருக்காது. அதனால் ஆழத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டினாலும் அந்த ஜாப் டிராயிங்குக்கு ஒத்துவராது.

மெஷினில் இப்படி ஓட்டலாம்:

```
G43 H3 Z50.
G82 X20. Y20. Z-5.75 R2. P500 F80
G80
```

G82 சாதாரண டிரில்லிங் சைக்கிள் போன்றதுதான். அடியில் அரை விநாடி நின்றுவிட்டு ஏறும். நிற்காமல் ஏறினால் ஓரம் சீரான வட்டமாக வராமல் ஒரு பக்கம் படி விழும். அதற்காக நிறைய நேரம் நிறுத்தினாலும் வம்பு. வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் சரிவில் அலை அலையாகக் கோடு விழும். இந்த இறக்கத்தில் முதல் 4.75 மில்லி வெறும் காற்று. கடைசி ஒரு மில்லிதான் வெட்டு. இதைச் சரிபார்க்கும் கணக்காகவும் வைத்துக்கொள்ளலாம். 90 டிகிரி டூலில் வெட்டும் தூரமும் சேம்பர் அகலமும் ஒன்றாக வரவில்லை என்றால் எங்கோ ஒரு எண் தப்பு.

அளக்கும்போது ஒரு குழப்பம் வரும். ‘1 × 45°’ என்றால் அந்த ஒரு மில்லி மேற்பரப்பில் பக்கவாட்டில் பார்க்கும் அகலம். சரிவின்மேலேயே ஸ்கேலை வைத்தால் 1.41 காட்டும். அதைப் பார்த்து, கூடிப்போச்சு என்று ஆழத்தைக் குறைத்தவர்கள் உண்டு. வாயின் விட்டத்தை அளப்பதே நல்லது. 11.7 வந்தால் 0.3 குறைவு. அதில் பாதி 0.15 இன்னும் இறக்க வேண்டும். டூலின் நீள ஆஃப்செட்டில் தேய்மானக் கட்டத்தில் மைனஸ் 0.15 போட்டால் சரியாகிவிடும். இதே விகிதம் எதிராகவும் வேலை செய்யும். ஜாப்பின் மேற்பரப்பு ஓரிடத்தில் 0.1 உயர்ந்திருந்தால் அங்கே வாய் 0.2 பெரிதாகும். முகம் சீவாத வார்ப்பு ஜாப்களில் ஒரு ஓட்டைக்கு அகலமாகவும் பக்கத்து ஓட்டைக்கு ஒடுக்கமாகவும் சேம்பர் வருவது இதனால்தான்.

இறக்கி எடுக்கும் இந்த முறைக்கு டூலின் விட்டம் 12-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 16 மில்லி டூல் என்றால் தாராளம். ஓட்டை அடைபட்டதாக, ஆழம் 5 மில்லி மட்டுமே என்றால் 5.75 இறங்கும் நுனி அடியில் இடித்துவிடும். அப்போது சின்ன டூலை எடுத்து ஓரத்தைச் சுற்றி வட்டமாக ஓட்ட வேண்டும். அது வேறு கணக்கு.

நுனி உடைந்தால் என்ன ஆகும் என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டூலின் நுனி கொஞ்சம் சிதறி, தட்டை 0.5-லிருந்து 0.8 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சேம்பரில் ஒரு மாற்றமும் தெரியாது. ஓரத்தை வெட்டுவது கூம்பின் மேல்பக்கம்தான், அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த ஷிஃப்டில் வந்தவர், நுனி போயிருக்கிறதே என்று பொறுப்பாக டூல் நீளத்தைப் புதிதாக எடுத்தால் கதை மாறும். டூல் 0.15 குட்டை என்று மெஷின் எண்ணிக்கொண்டு அந்த அளவு கூடுதலாக இறங்கும். வாய் 12.3 ஆகும். நீளத்தைப் புதிதாக எடுத்தால் தட்டையையும் புதிதாக அளந்து, Z-ஐ 5.6 என்று மாற்ற வேண்டும்.