அக்கா நிச்சயத்துக்குத் தம்பி எழுதும் வாழ்த்து

நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை வாசிக்கப்பட்டு, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், புடவையோடு தட்டு மாறும்வரை ஒரு சம்பந்தம் வெறும் பேச்சுதான். பெண்ணின் உடன்பிறந்தவர்கள் கேலியும் பாசமுமாக எழுதும் வாழ்த்து அதற்குப் பிறகே வெளிவர வேண்டும். அவசரக்காரத் தம்பி காலையிலேயே அனுப்பிவிட்டால், இன்னும் சொல்லப்படாத பெரியப்பா வீட்டுக்குச் செய்தி அதன் வழியாகப் போய்ச் சேரும். கேலி இனித்தாலும் அந்த மனத்தாங்கல் கல்யாணம்வரை நீளும்.

கல்யாண வீட்டில் கேலி பழைய சரக்கு. சம்பந்தி வீட்டாரை வம்புக்கு இழுத்துப் பெண்கள் பாடும் ஏசல் பாட்டுகளும், நலங்கில் மணமக்கள் ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் நொறுக்குவதும் அந்த வகைதான். ஆனால் அங்கே இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும். சிரிப்பு முகத்தில் தெரியும். எழுத்தில் முகம் தெரியாது. அக்காவுக்கு எழுதியதை மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் படிப்பார்கள். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் இரண்டு வீடும் ஒன்றையொன்று அளந்துகொண்டிருக்கும் என்பதால், சாதாரணச் சொல்லுக்கும் அப்போது எடை கூடிவிடும்.

ஒரு தம்பி முதலில் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம்: “ஒருவழியா எங்க வீட்டுச் சோம்பேறிக்கு நிச்சயம் ஆயிடுச்சு! சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. மாமா, நீங்க பாவம்!” வீட்டுக்குள் சொன்னால் அக்காவே சிரித்துவிடுவாள். வெளியார் கண்ணுக்கு மூன்று இடம் உறுத்தும். ‘ஒருவழியா’ என்பது பல வரன் தட்டிப்போனதைச் சொல்வது போலிருக்கிறது. சமையல் தெரியாது என்பது, பெண்ணைச் சமையலை வைத்தே எடைபோடும் மாமியார்கள் இன்னும் இருப்பதால், நாளைக்கு ஒரு சண்டையில் “உன் தம்பியே சொன்னானே” என்று திரும்பி வரலாம். ‘பாவம்’ இரக்கத்தை மாப்பிள்ளை பக்கம் கொண்டுபோய்விடுகிறது. வாழ்த்து அக்காவுக்கு, பரிவு அவருக்கா?

அதையே இப்படி மாற்றலாம்: “அக்கா, தட்டு மாத்தும்போது நீ குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லாரும் ‘எவ்வளவு அடக்கமான பொண்ணு’ன்னாங்க. டிவி ரிமோட்டுக்காக நீ கடிச்ச தழும்பு என் முழங்கையில இன்னும் இருக்கு. சபை நாகரிகம் கருதி முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டேன். அன்னைக்கு ரிமோட்டை ஒளிச்சு வெச்சதும் நான்தான். மாமா, எங்க அக்காவை நல்லாப் பார்த்துக்கோங்க. ரிமோட்டை அவகிட்டயே குடுத்துடுங்க. பொரி போட நான் ரெடி!”

இதில் கடித்தது சின்ன வயதுக் குறும்பு. பெண்ணின் குணத்தில் ஒட்டாது. குற்றத்தில் பாதியைத் தம்பி தன் தலையிலும் போட்டுக்கொள்கிறான். இது முக்கியம்: கேலி செய்பவனும் அடிவாங்கினால்தான் படிப்பவருக்கு அது குற்றப்பட்டியலாகத் தோன்றாது. நாள் முழுக்கப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையோடு நின்ற பாசத்தைத் தனியாக எடுத்துச் சொல்லவும் தேவையில்லை. அக்னி வளர்த்து நடக்கும் கல்யாணங்களில் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது உடன்பிறந்தானின் உரிமை. அதைத்தான் கடைசி வரி நினைவூட்டுகிறது. தாய்மாமன் மடியில் காதுகுத்து என்பதும் அவன் உரிமையே. ஆனாலும் நிச்சயத்தன்றே குழந்தைப் பேச்சை எடுத்தால் அக்காதான் நெளிவாள்.

முறை சொல்லி அழைப்பதில் வீட்டு வழக்கமே சட்டம். அக்கா கணவர் சில வீடுகளில் மாமா, சிலவற்றில் அத்தான், பிராமண வீடுகளில் அத்திம்பேர். தங்கைக்கு எழுதும் அண்ணன் ‘மாப்பிள்ளை’ என்பான். அவன் குரலில் கொஞ்சம் அதிகாரம் கலந்தாலும் பொருந்தும். தம்பிக்கு அது பொருந்தாது. அக்காவை வா, போ என்று எழுதலாம். மாமாவுக்கு, அவர் கல்லூரித் தோழராகவே இருந்தாலும், பெரியவர்கள் படிக்கும் இடத்தில் ‘ங்க’ விகுதி வேண்டும்.

தொடக்கூடாதவை சில உண்டு. நிறம், எடை, வயது, பழைய வரன்கள், சீர், நகை. இவற்றில் ஒன்றை வைத்து எவ்வளவு அழகாகக் கேலி செய்தாலும் யாரோ ஒருவருக்குச் சுருக்கென்று படும். சந்தேகம் வந்தால் அனுப்புமுன் அக்காவிடமே காட்டிவிடலாம். “டேய்!” என்று அடிக்க வந்தால் அனுப்பலாம், ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.