பெயரைக் கேட்கும், பெட்டியை மறைக்கும்

புதிய ஆப் ஒன்று பெயரைக் கேட்கிறது. பெட்டியைத் தொட்டால் கீழிருந்து கீபோர்டு எழும்பி, அந்தப் பெட்டியையே மூடிவிடுகிறது. இல்லாவிட்டால் திரையில் இருந்ததெல்லாம் இடம் மாறி, 'தொடர்க' பட்டன் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

கோளாறு போனில் இல்லை. கீபோர்டு என்பதே தனி ஆப். அதன் உயரமும் ஒரே அளவில் இருக்காது. செட்டிங்ஸில் கூட்டலாம், குறைக்கலாம். அது எழும்பும்போது என்ன செய்வது என்பதைப் பெயர் கேட்கும் ஆப்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திரையின் உயரம் 800 அலகு. மேலே பெரிய லோகோவும் வரவேற்பு வாசகமும். பெயர்ப் பெட்டி 560 முதல் 616 வரை. பட்டன் அடியில், 740 முதல் 800 வரை. கீபோர்டு 300 அலகை எடுத்துக்கொண்டால் மிச்சம் 500தான். ஆப் ஒன்றுமே செய்யாவிட்டால் பெட்டி முழுக்க மூடிப்போகும்.

ஆண்ட்ராய்டில் இதற்குப் பழகிய வழிகள் இரண்டு. `adjustPan` என்றால் திரை அப்படியே மேலே நகரும். பெட்டி தெரியும், தலைப்பு மேலே மறைந்துபோகும், பட்டன் கீபோர்டுக்கு அடியிலேயே கிடக்கும். `adjustResize` என்றால் ஆப்புக்கு 500 அலகு உயரம்தான் என்று கணக்காகி, எல்லாம் புதிதாக அடுக்கப்படும். லோகோவும் பெட்டியும் திரையின் நடுவில் நிற்கும்படி அமைத்திருந்தால், நடு 400லிருந்து 250க்கு வருகிறது. பெட்டியும் 150 அலகு தாவி 410 முதல் 466 வரை நிற்கும். அடியோடு ஒட்டிய பட்டனோ இப்போது 440 முதல் 500 வரை. இரண்டும் மோதுகின்றன. கீபோர்டு இல்லாமல் பார்க்கும்வரை இது கண்ணில் படாது.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த ஆப், அப்டேட்டுக்குப் பின் பெட்டியை மறைப்பதும் உண்டு. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15க்கென்று தயாராகும் ஆப்கள் திரையின் விளிம்புவரை பரவியாக வேண்டும். கீபோர்டின் உயரத்தைக் கேட்டு அந்த அளவுக்கு இடம் விடுவதும் அவற்றின் வேலையாகிவிட்டது. பழைய ஏற்பாட்டை மட்டும் நம்பியிருந்த ஆப்பில் பெட்டி மூடிப்போகும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? பெயரை அடித்துவிட்டு 'பேக்' ஒருமுறை அழுத்தினால் கீபோர்டு மட்டும் இறங்கும். அடித்த எழுத்துகள் பொதுவாக அப்படியே இருக்கும், பட்டனும் தெரியும். போனைப் படுக்கை வாட்டில் பிடித்திருந்தால் நிமிர்த்திப் பிடியுங்கள்; கீபோர்டுக்கு மேல் கூடுதல் இடம் கிடைக்கும். ஆப் செய்பவர் பெட்டியைத் திரையின் மேற்பாதியில் வைத்து, லோகோ, பெட்டி, பட்டன் மூன்றையும் ஸ்க்ரோல் ஆகும் ஒரே அடுக்கில் போட்டால், கீபோர்டு விட்டுவைக்கும் இடத்துக்குள் அதுவும் அடங்கும்.