எக்ஸ்ரேயில் காணாமல் போன கோடு

நெஞ்சு எக்ஸ்ரே கைக்கு வந்ததும் நோயாளியின் உறவினர் செய்யும் முதல் வேலை, அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது. அடுத்து நடுவில் இருக்கும் பெரிய வெள்ளையில் விரலை வைத்து, “சார், இதுதானே சளி?” என்பார். பல நேரம் அவர் விரல் வைத்திருப்பது இதயத்தின் மேல். அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானும் ஏறக்குறைய அப்படித்தான் படம் பார்த்தேன். கண்ணை இழுக்கும் வெள்ளை எதுவோ அதுதான் நோய் என்று முடிவு கட்டிவிடுவேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர் எங்கள் வார்டின் மூத்த மருத்துவர். “வெள்ளையை அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஓரங்களைப் பாருங்க” என்பார். அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்ரே கதிர் காற்றைச் சுலபமாகக் கடந்துவிடுவதால் காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரிகிறது. எலும்பு கதிரை நன்றாகத் தடுப்பதால் வெள்ளை. இடையில் இருக்கும் தசை, ரத்தம், நீர், சீழ் எல்லாமே படத்தில் ஏறக்குறைய ஒரே சாம்பல் வெள்ளைதான். இதயத்தின் ஓரம் நமக்குத் தெரிவதே பக்கத்தில் காற்றுள்ள நுரையீரல் இருப்பதால்தான். அந்த இடத்தில் காற்று போய் நீரோ சளியோ வந்துவிட்டால், வெள்ளையோடு வெள்ளை கலந்து இடையில் இருந்த கோடு அழிந்துவிடும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் பெஞ்சமின் ஃபெல்சன் 1950இல் இதை ஓர் அறிகுறியாக விளக்கி எழுதினார். இன்றும் மாணவர்கள் ‘சில்லூயெட் சைன்’ என்று படிப்பது அதைத்தான்.

நுரையீரல் கெட்டிப்படுதல், நெஞ்சில் நீர் கோத்தல், நுரையீரலுக்கு வெளியே காற்று புகுதல் என்று மூன்று நிலைகளை எக்ஸ்ரேயில் அடிக்கடி தேடுகிறோம். மருத்துவர்கள் வாயில் இவை கன்சாலிடேஷன், எஃப்யூஷன், நியூமோதொராக்ஸ். முதலாவதில் இருக்க வேண்டிய கோடு அழிகிறது. இரண்டாவதில் கூரான மூலை நிரம்பி வளைகிறது. மூன்றாவதில் இருக்கக் கூடாத இடத்தில் புதிதாக ஒரு கோடு முளைக்கிறது. இந்த மூன்றையும் சில நாள் இடைவெளியில் ஒரே மனிதரின் படங்களில் பார்த்தேன்.

அவருக்கு 58 வயது, லாரி ஓட்டுநர், பல வருடங்களாகப் பீடி பிடிப்பவர். ஐந்து நாள் காய்ச்சல், இருமல், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்து. படம் வந்ததும் உடனே நோயைத் தேடவில்லை, படம் சரியானதுதானா என்று பார்த்தோம். பெயரும் தேதியும் அவருடையவைதானா? பக்கத்தைக் காட்டும் எழுத்து எங்கே இருக்கிறது? படத்தில் நமக்கு இடது கைப் பக்கம் இருப்பது நோயாளியின் வலது பக்கம். எதிரே நிற்பவரைப் பார்ப்பதுபோலத்தான். நின்றபடி, கதிர் முதுகுப் பக்கமிருந்து வர எடுத்த படமா என்பது அடுத்த கேள்வி. படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்தால் நல்ல இதயம்கூட வீங்கியதுபோலத் தெரியும். பிறகு இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளுப்பாகவும் தெரிவதை நோய் என்று நம்பி ஏமாந்துவிடுவோம்.

கடைசியாக மூச்சு. உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்தாவது எண்ணக் கிடைக்க வேண்டும். ஏழோடு நின்றுவிட்டால் அவர் மூச்சை முழுதாக இழுக்கவில்லை என்று பொருள். நுரையீரலின் அடிப்பகுதி கசங்கி, நிமோனியாவே இல்லாமல் நிமோனியா மாதிரி காட்டும். இதையெல்லாம் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த் தேவையில்லாத மருந்து எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

ஓட்டுநரின் படம் நல்ல படம். இனி வரிசை: மூச்சுக்குழாய், இதயத்தின் இரண்டு ஓரங்கள், உதரவிதானத்தின் இரண்டு வளைவுகள், அவற்றின் வெளிமூலைகள், பிறகு மேலிருந்து கீழாக இடதையும் வலதையும் ஒப்பிட்டபடி நுரையீரல்கள். மூச்சுக்குழாய் நடுவில் இருந்தது. இதயத்தின் வலது ஓரம் பென்சிலால் வரைந்ததுபோலத் தெளிவு. ஆனால் அதற்குக் கீழே, வலது உதரவிதானத்தின் வளைவைக் காணவில்லை. அந்த இடமெல்லாம் ஒரே வெள்ளை.

நோய் எந்த மடலில் என்பதை அந்தக் காணாமல் போன கோடே சொல்லிவிடுகிறது. இதயத்தின் வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது வலது நடுமடல். அந்த ஓரம் தெளிவாக இருப்பதால் நடுமடலில் காற்று இருக்கிறது. உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருப்பது கீழ்மடல். அங்கேதான் காற்றறைகளில் காற்று போய்ச் சளியும் சீழும் நிரம்பிவிட்டன. வெள்ளைக்கு நடுவே மரக்கிளைபோலப் பிரியும் மெல்லிய கறுப்புக் கோடுகளும் தெரிந்தன. சுற்றியுள்ள நுரையீரல் கெட்டிப்பட்டு, உள்ளே ஓடும் காற்றுக்குழாய்கள் மட்டும் திறந்திருந்தால் இப்படித் தெரியும். நல்ல நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இப்படிக் கெட்டிப்பட்டது ஈரல் துண்டுபோல மூழ்கிவிடும். நிமோனியா என்று முடிவு செய்து மருந்து தொடங்கினோம். ஆனால் படம் அதைத் தனியாக நின்று சொல்லிவிடாது. ரத்தமோ நீரோ காற்றறைகளை நிரப்பினாலும் இதே வெள்ளைதான் வரும். காய்ச்சல், இருமல், குத்துவலி எல்லாம் சேர்ந்ததால்தான் அது நிமோனியா.

நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் படம். இந்த முறை வலது வெளிமூலையில், விலாவும் உதரவிதானமும் கத்தி முனைபோலச் சந்திக்க வேண்டிய இடத்தில், வெள்ளை நிரம்பி மேற்புறம் விலாவை ஒட்டி வளைந்து ஏறியிருந்தது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் நீர் சேர்ந்திருக்கிறது. நிற்கும் மனிதருக்கு எடுத்த நேர்ப்படத்தில் இந்த மூலை மழுங்கவே சுமார் 200 மில்லி நீர் வேண்டும். அதைவிடக் குறைவானது பக்கவாட்டுப் படத்திலோ, இன்னும் நன்றாக அல்ட்ராசவுண்டிலோதான் பிடிபடும். மூலை கூராக இருப்பதாலேயே நீர் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட முடியாது.

நீர் மிக அதிகமாகி ஒரு பக்கம் முழுக்க வெளுத்துவிட்டால் மூச்சுக்குழாயிடம் போக வேண்டும். நீர் தள்ளும், அதனால் குழாய் எதிர்ப்பக்கம் நகரும். குழாய் அடைபட்டு நுரையீரலே சுருங்கியிருந்தால், சுருங்கிய பக்கம் இழுக்கப்படும். இதைக் கவனிக்காமல், சுருங்கிய நுரையீரலுக்குள் நீர் எடுக்க ஊசி போட்டால் நீர் வராது, வேறு ஆபத்துதான் வரும். படுத்திருப்பவருக்கு இந்த வளைவும் தெரியாது. நீர் முதுகுப் பக்கம் பரவி, அந்தப் பாதி மேல் மெல்லிய திரை போட்டதுபோல லேசாக வெளுத்துக் காட்டும், அவ்வளவுதான்.

அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, விலா எலும்பின் மேல் ஓரத்தை ஒட்டி ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரத்தக்குழாய்களும் நரம்பும் ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்தை ஒட்டி ஓடுவதால்தான் மேல் ஓரம். எடுத்த பிறகு வந்த படத்தைப் பார்த்து, நீர் குறைந்திருக்கிறது என்று நான் எழுதிவைத்தேன். அது உண்மைதான். தேடி வந்த பதில் கிடைத்துவிட்டது, கண் அங்கேயே நின்றுவிட்டது.

மூத்தவர் படத்தை வாங்கிப் பார்த்தார். “மிச்ச நீரோட மேல் ஓரம் ஏன் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீர் மட்டும் இருந்தால் ஓரம் வளைந்து ஏறும். பாதி நிரம்பிய பாட்டிலில் இருப்பதுபோலத் தட்டையாக நிற்க வேண்டுமென்றால் அதன் மேலே காற்று இருந்தாக வேண்டும். காற்று எங்கே? கண்ணை நுரையீரலின் உச்சிக்கு ஏற்றினேன். காறை எலும்புக்கும் விலாக்களுக்கும் நடுவே, நெஞ்சுச் சுவருக்கு இணையாக, தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு உள்பக்கம் ரத்தக்குழாய்களின் சிறு கிளைகள் தெரிந்தன. வெளிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோடு நுரையீரலின் உறை. வெளியே இருப்பது நுரையீரலுக்குள் இருக்க வேண்டிய காற்று.

இந்தக் கோட்டில் ஏமாறுவது சுலபம். தோல் மடிப்பும் தோள்பட்டை எலும்பின் உள் ஓரமும் இதுபோலவே காட்டும். தோல் மடிப்பு என்றால் ரத்தக்குழாய்க் கிளைகள் அதைத் தாண்டியும் ஓடும். சில சமயம் அந்த ஓரமே நெஞ்சுச் சுவருக்கு வெளியே போய்விடும். தோள்பட்டை எலும்பை அதன் முழு உருவத்தோடு விரலால் தொடர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். படுத்திருப்பவருக்கோ காற்று உச்சியில் நிற்காமல் முன்பக்கமும் கீழேயும் போய், வெளிமூலையை வழக்கத்தைவிட ஆழமாகவும் கறுப்பாகவும் காட்டும். இந்தக் கோட்டை வாட்ஸ்அப்பில் வரும் புகைப்படத்தில் தேடவே தேடாதீர்கள். அவ்வளவு மெல்லியது அதில் கரைந்துவிடும். காற்று சேர்ந்து சேர்ந்து இதயத்தையே தள்ளும் நிலையில், மூச்சு திணறி ரத்த அழுத்தம் விழும் நோயாளிக்கு எக்ஸ்ரேக்காகக் காத்திருப்பதே தவறு. உடனே காற்றை வெளியேற்ற வேண்டும்.

எங்கள் ஓட்டுநருக்குப் புகுந்தது கொஞ்சம் காற்று. ஆக்சிஜன் கொடுத்துக் கவனித்துவந்தோம். சில நாளில் அது உறிஞ்சப்பட்டுவிட்டது. காய்ச்சலும் இறங்கியது. ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் இன்னொரு படம் எடுக்கச் சொன்னோம். ஐம்பதைத் தாண்டிய, புகைபிடிக்கும் ஒருவருக்கு நிமோனியாவின் வெள்ளைக்குப் பின்னால் புற்றுநோய்க் கட்டி ஒளிந்திருக்கலாம். வெள்ளை கரைந்துவிட்டதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

அவருக்குக் கரைந்துவிட்டது. காணாமல் போயிருந்த உதரவிதானக் கோடு முழுதாகத் திரும்பி வந்தது. வெளிமூலை மட்டும் கொஞ்சம் மழுங்கியே நின்றது. உறை தழும்பாகித் தடித்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவமனையில் அந்த மழுங்கலைப் பார்த்து, மறுபடி நீர் கோத்திருக்கிறது என்று பேச்சு எழுந்ததாம். அவருடைய மகன் கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய கவரைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இரண்டு படங்களிலும் மூலை ஒரே மாதிரி இருந்ததால் ஊசி போடாமல் விட்டார்கள். வீட்டில் பழைய எக்ஸ்ரே இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மடிக்காமல் வையுங்கள், அடுத்த முறை புதுப் படம் எடுக்கும்போது அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.