தாயின் உயரமும் மகளின் உயரமும்

ஆரணியின் தறிக் குடும்பங்களில், “அம்மா குள்ளம், அதனால் மகளும் குள்ளம், இது பரம்பரை” என்பார்கள். பரம்பரை ஒரு பகுதியே. இளம் வயதில் போதிய ஊட்டமின்றி உயரம் குன்றிய தாய்க்குக் கருப்பையும் நஞ்சுக்கொடியும் சிறுத்திருக்கக்கூடும். கருவுக்குச் செல்லும் ஊட்டம் குறைந்து, குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கலாம். அது பெண்ணாயின், நாளை அவளும் உயரம் குன்றிய தாயாகலாம். 145 செ.மீ.க்குக் குறைந்த கர்ப்பிணியரைக் கூடுதலாகக் கவனிப்பது இதனால்தான்.

இச்சங்கிலி அறுபடும். குவாத்தமாலா நாட்டுக் கிராமங்களில் 1969 முதல் சில ஆண்டுகள் குழந்தைகளுக்குப் புரதக் கஞ்சி அளித்தனர். அதைப் பருகிய சிறுமியர் தாயானபோது, வெறும் இனிப்புப் பானம் பெற்றவர்களின் பிள்ளைகளைவிட அவர்களுடைய பிள்ளைகள் உயரமாக இருந்தனர்.

கர்ப்பக் காலத்தில் தாயின் உயரம் கூடாது. குழந்தையின் எடையைக் கூட்ட இயலும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பின்னர் தாய்ப்பாலுடன் குழைந்த பருப்புச் சோறும் முட்டையும் ஊட்டுங்கள். கஞ்சித் தண்ணீர் போதாது. அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தை 80 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வயதுக்குப் பின் இழந்த உயரத்தை மீட்பது கடினம்.