கிளிக்கை அள்ளிய விளம்பரம் கையைக் கடித்த கதை

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டும் ஒருவர் முதன்முறையாக கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விற்பது 5 லிட்டர் டின், விலை 2,000 ரூபாய். எள், ஆட்டுக்கூலி, டின், கூரியர் எல்லாம் போக ஒரு டின்னுக்கு 300 ரூபாய் நிற்கும். விளம்பரம் இரண்டு. முதலாவது, ‘சுத்தமான செக்கு எண்ணெய், வீடு தேடி வரும்’ என்கிறது. இரண்டாவது, ‘5 லிட்டர் டின் 2,000 ரூபாய்’ என்று விலையையே முகப்பில் போட்டுவிடுகிறது.

மாதக் கடைசியில் அறிக்கையைத் திறக்கிறார். இரண்டு விளம்பரங்களுக்கும் Impr. என்ற கட்டத்தில் 20,000 என்றிருக்கிறது. விளம்பரம் திரையில் வந்த தடவைகள் இவை. ஒரே ஆளுக்கு நான்கு முறை வந்திருந்தால் அது நான்கு. முதல் விளம்பரத்தை 800 முறை தொட்டிருக்கிறார்கள், இரண்டாவதை 300 முறை. தொட்டதைக் காட்டியதால் வகுத்தால் வருவதுதான் CTR. முதலாவதற்கு 4 சதவீதம், இரண்டாவதற்கு 1.5. முதல் விளம்பரம்தான் கெட்டி என்று தோன்றும். பலர் இந்த இடத்திலேயே அறிக்கையை மூடிவிட்டு, இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போக வேண்டும். முதல் விளம்பரத்தின் 800 கிளிக்கில் டின் வாங்கியவர்கள் 8 பேர். Conv. rate 1 சதவீதம். இரண்டாவதில் 300 கிளிக்குக்கு 12 ஆர்டர், அதாவது 4 சதவீதம். காரணம் எளிது. விலை தெரியாமல் உள்ளே வந்தவர்கள் 2,000 என்றதும் திரும்பிவிட்டார்கள். விலையைப் பார்த்தபிறகும் தொட்டவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள். திரும்பிப் போனவர்களின் கிளிக்குக்கும் காசு போயிருக்கிறது என்பதுதான் விஷயம்.

எவ்வளவு போனது? முதலாவதில் கிளிக்குக்கு 5 ரூபாய் வீதம் 4,000. எட்டு ஆர்டருக்குப் பிரித்தால் ஆர்டருக்கு 500 ரூபாய். இரண்டாவதில் கிளிக்குக்கு 6 ரூபாய், மொத்தம் 1,800, ஆர்டருக்கு 150. இதைத்தான் Cost / conv. என்ற கட்டம் காட்டுகிறது, விளம்பரக்காரர்கள் சிபிஏ என்பார்கள். 300 ரூபாய் நிற்கும் டின்னை விற்க 500 செலவழித்தால் ஒவ்வொரு விற்பனையிலும் 200 ரூபாய் கைநஷ்டம். கிளிக் குறைந்த விளம்பரத்திலோ 150 மிச்சம். Cost கட்டத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. அந்த 18 சதவீதத்தைச் சேர்த்தால் 150 என்பது 177 ஆகும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியாக அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு ஒரே வரிதான்:

```
Cost / conv. = Avg. CPC ÷ Conv. rate
```

CTR இதில் நேரடியாக வரவே இல்லை. அதற்காக அது வீண் என்று அர்த்தமில்லை. நிறையப் பேர் தொடக்கூடிய விளம்பரத்துக்கு கூகுள் கிளிக் விலையைக் குறைத்துத் தரும். நம் கணக்கில் 5 ரூபாய்க்கும் 6 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் அப்படி வந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு ரூபாய் லாபத்தை மூன்று சதவீத இழப்பு விழுங்கிவிட்டது.

இத்தனையும் Conversions கட்டத்தில் இருப்பது உண்மையான ஆர்டராக இருந்தால்தான். வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டாலே ஒரு கன்வெர்ஷன் என்று அமைத்திருந்தால், ‘விலை என்ன?’ என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவரும் கணக்கில் சேர்வார். அமைப்பில் One என்பதற்குப் பதில் Every என்றிருந்தால், மூன்று முறை தொட்ட ஒருவர் மூன்றாக எண்ணப்படுவார். அறிக்கை 60 என்று சொல்லி, ஆர்டர் நோட்டில் 20 இருந்தால் நோட்டை நம்புங்கள். மொத்தச் செலவை 20 ஆல் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

நேற்றைய நிலவரத்தைப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். திங்களன்று கிளிக் செய்தவர் வியாழனன்று வாங்கினால், கூகுள் அந்த ஆர்டரைத் திங்கள் கணக்கில்தான் எழுதும். அதனால் கடைசிச் சில நாட்கள் எப்போதும் இளைத்தே தெரியும். 40 கிளிக்குக்கு ஒரு ஆர்டர் வந்ததை வைத்தும் முடிவெடுக்க முடியாது. அடுத்த 40-இல் மூன்றும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம்.

எண்ணெய் போன்ற சரக்கில் இன்னொரு கணக்கும் உண்டு. டின் தீர்ந்ததும் அதே வாடிக்கையாளர் விளம்பரத்தைத் தேடாமல் நேராக போனில் அழைத்தால், இரண்டாவது டின்னின் 300 ரூபாயும் முழுசாக நிற்கும். அப்போது 500 ரூபாய் சிபிஏகூட தாங்கும். எத்தனை பேர் அப்படித் திரும்பி வருகிறார்கள் என்பது இந்த அறிக்கையில் தெரியாது. ஆர்டர் நோட்டில் ஒரே போன் நம்பர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் தெரியும்.