குறைந்த வட்டிக் கடனுக்கு வருமான வரி ஏன்?

வங்கி ஊழியர் ஒருவர் தம் வங்கியிலேயே வீட்டுக் கடன் வாங்கினால், வெளியாட்கள் கட்டுவதைவிடக் குறைந்த வட்டி கட்டினால் போதும். வட்டியில்லாமலே கிடைக்கும் கடன்களும் உண்டு. இப்படி மிச்சமாகும் பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடுகிறது வருமான வரிச் சட்டம்.

ஊழியருக்கு 10 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது, ஆண்டு முழுவதும் அது குறையவில்லை என்று வைத்துக்கொள்வோம். வங்கி அவரிடம் வாங்குவது 5 சதவீத வட்டி. வெளியில் 9 சதவீதம். வெளியாள் 90,000 ரூபாய் கட்டும் இடத்தில் இவர் 50,000 ரூபாய்தான் கட்டுகிறார். முழு வட்டியையும் வாங்கிக்கொண்டு, சம்பளத்தில் 40,000 ரூபாயை வங்கி கூட்டிக் கொடுத்திருந்தால் அதற்கு வரி உண்டு. சலுகையாகக் கொடுத்ததும் அதே பலனைத்தான் தருகிறது. அதை விட்டுவிட்டால், சம்பளத்தைக் குறைத்துச் சலுகையைக் கூட்டுவதே எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கமாகிவிடும். ரொக்கச் சம்பளம் மட்டும் வாங்குகிறவர் தலையில் வரிச்சுமை கூடும். எனவே 40,000 ரூபாய் இவருடைய வருமானத்தில் சேரும். 20 சதவீத வரி கட்டுபவரானால் 8,000 ரூபாயும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் கூடுதலாகக் கட்டவேண்டும்.

வெளி வட்டி எது என்பதில்தான் சச்சரவு எழுந்தது. 1962ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி, பாரத ஸ்டேட் வங்கியின் வட்டியை எல்லாருக்கும் அளவுகோலாக வைத்தது. தங்கள் வங்கி பொதுமக்களிடமே அதைவிடக் குறைவாக வாங்கும்போது, ஸ்டேட் வங்கிக் கணக்கில் வரி போடுவது நியாயமா என்று வங்கி ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேலையில் இருப்பதால் மட்டுமே கிடைக்கும் பலன் இது. நாட்டின் மிகப் பெரிய வங்கியின் வட்டியை ஒரே அளவாக வைப்பதால் வங்கிக்கு வங்கி வழக்கு வராது என்பது தீர்ப்பின் சாரம். சிலருக்கு இதனால் கொஞ்சம் கூடுதல் வரி வரும் என்பது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு வங்கியின் வட்டியையும் தனித்தனியே ஆராய்வதைவிட இது தெளிவான வழி.

எல்லாச் சலுகைக்கும் வரி இல்லை. மொத்தக் கடன் 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் அந்த விதிகள் கணக்கில் எடுக்கவில்லை. குறிப்பிட்ட கடும் நோய்களின் சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்கும் விலக்கு உண்டு. காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகைக்கு மட்டும் அது பொருந்தாது. வேலை நேரத்தில் அலுவலகம் தரும் தேநீருக்கும் வரி இல்லை. யார் எத்தனை கோப்பை குடித்தார்கள் என்று எழுதி வைப்பது நடக்கிற காரியமில்லை.

கணக்கில் தவறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வீட்டுக் கடனை ஸ்டேட் வங்கியின் வீட்டுக் கடன் வட்டியோடுதான் ஒப்பிடவேண்டும். தனிநபர் கடன் வட்டியோடு ஒப்பிட்டால் வரி வீணாகக் கூடும். நிதியாண்டின் முதல் நாளில் இருந்த வட்டியைத்தான் எடுக்கவேண்டும். நிலுவையையும் ஒவ்வொரு மாதக் கடைசி நாளில் இருந்தபடி பார்க்கவேண்டும். தவணை கட்டிக் குறைந்த அசலுக்கு வரி கிடையாது. நிறுவனம் தரும் சலுகை விவரப் படிவத்தில் இந்த எண்களைச் சரிபார்த்த பிறகே வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.