யாக் லேசரின் ஒரு சொடுக்கு

கண்புரை அறுவை முடிந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்குப் பார்வை மறுபடி மங்கும். வைத்த லென்ஸில் கோளாறு இருக்காது. அதன் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு வெளுத்திருக்கும். கண் மருத்துவமனையில் "யாக் லேசர் வைக்கணும்" என்பார்கள். நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து உட்காருகிறார், மருத்துவர் குறிபார்த்துச் சொடுக்குகிறார். கத்தி படாமலே சவ்வில் ஓட்டை விழுகிறது.

ஒரு சொடுக்கில் கண்ணுக்குள் போகும் ஆற்றல் சுமார் 2 மில்லிஜூல். அது மிகச் சிறிய அளவுதான். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் சுமார் 4 நானோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் 4 பங்குக்குள், வந்து விழுகிறது. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் 5 லட்சம் வாட். ஒளி குவியும் புள்ளியில் பொருள் அயனிகளாகச் சிதறி ஒரு சிறு வெடிப்பு நிகழ்கிறது, சவ்வு கிழிகிறது. குவியம் சற்று முன்னால் விழுந்துவிட்டால் அதே வெடிப்பு செயற்கை லென்ஸில் பள்ளம் போட்டுவிடும். அதனால்தான் மருத்துவர் குவியத்தைச் சவ்வுக்குக் கொஞ்சம் பின்னே தள்ளி வைக்கிறார்.

அந்த 2 மில்லிஜூலே 200 மைக்ரோ நொடி நேரத்துக்குச் சீராகக் கசிந்திருந்தால் திறன் வெறும் 10 வாட்தான். அதில் வெடிப்பு எதுவும் நிகழாது. இந்த வித்தியாசத்தை உண்டாக்கும் உத்திக்குப் பெயர் க்யூ-ஸ்விட்ச்சிங். அமெரிக்காவின் ஹியூஸ் ஆய்வகத்தில் 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவைத்தார். ஓரிரு ஆண்டுகளிலேயே அதே ஆய்வகத்தின் ஹெல்வார்த்தும் மெக்ளங்கும் மாணிக்கக்கல் லேசரில் இந்த உத்தியைச் செய்துகாட்டினார்கள்.

லேசர் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த படிகம். யாக் என்பது இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தின் சுருக்கப் பெயர். அதில் நியோடிமியம் அணுக்கள் கலந்திருக்கும். பளிச்சிடும் விளக்கோ டையோடோ அந்த அணுக்களுக்கு ஆற்றலை ஏற்றுகிறது. ஏற்றிய ஆற்றலை அவை சராசரியாக 230 மைக்ரோ நொடி பிடித்துவைக்கும். கண்ணாடிகளுக்கு இடையே ஒளி தடையின்றிப் போய்வர முடிந்தால், ஆற்றல் சேரச்சேர லேசராக வெளியேறிவிடும். எனவே ஒரு கண்ணாடிக்கு முன்னால் பாக்கெல்ஸ் செல் என்ற படிகத்தை, துருவமாக்கி ஒன்றுடன் சேர்த்து நிறுத்துகிறார்கள். மின்னழுத்தத்தைப் பொறுத்து அது வழியை அடைக்கும் அல்லது திறக்கும். அடைத்திருக்கும் வரை அணுக்களில் ஆற்றல் குவிகிறது. சுமார் 200 மைக்ரோ நொடி கழித்து மின்னழுத்தத்தை மாற்றி வழியைத் திறந்தால், குவிந்தது மொத்தமும் ஒரே துடிப்பாகக் கொட்டிவிடுகிறது. திறக்கத் தாமதித்தால் ஏற்றிய ஆற்றல் சாதாரண ஒளியாக வீணாகும். அடைப்பு ஒழுகினால் நேரத்துக்கு முன்பே சிறு துடிப்பு கிளம்பி, முக்கியத் துடிப்பு சோனியாகிவிடும்.

இந்த உத்தியால் துடிப்பை எவ்வளவு குறுக்கலாம்? கண்ணாடிகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர் என்றால் ஒளி ஒருமுறை போய்த் திரும்ப 1 நானோ நொடி ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெருகும். குவிந்த ஆற்றலைக் காலி செய்யச் சில சுற்றுகளாவது வேண்டும். நானோ நொடிக்கணக்கிலேயே துடிப்பு நின்றுவிடுவதற்குக் காரணம் இந்தச் சுற்று நேரம்தான். படிகம் இதைவிட மிகக் குறுகிய துடிப்பையும் தரக்கூடியது.

அதை வாங்க மோட் லாக்கிங் வேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே எல்லா அதிர்வெண்களும் நிலைத்து நிற்க முடியாது. சீரான இடைவெளியில் அமைந்த சில மட்டுமே நிற்கும். கண்ணாடிகளின் தூரம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுற்று நேரம் 10 நானோ நொடி, அதிர்வெண்களின் இடைவெளி 100 மெகாஹெர்ட்ஸ். சாதாரணமாக இந்த அலைகள் தம்போக்கில் அதிர்கின்றன, வெளிவரும் ஒளி ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குகிறது. தனி ஆவர்த்தனத்தில் வெவ்வேறு நடையில் வாசிக்கும் கலைஞர்கள் சமத்தில் ஒன்றாக வந்து விழுவதுபோல் இவற்றைக் கட்டிவிட்டால், 10 நானோ நொடிக்கு ஒருமுறை எல்லா முகடுகளும் சேரும். மற்ற நேரமெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

சேரும் அலைகள் எத்தனை என்பதைப் பொறுத்துத் துடிப்பு குறுகும். எத்தனை அலைகள் என்பதைத் தீர்மானிப்பது பெருக்கப் பட்டை அகலம், அதாவது அந்தப் படிகம் பெருக்கித் தரக்கூடிய அதிர்வெண்களின் பரப்பு. மணி வடிவத் துடிப்புக்கான கணக்கு இது:

Δt ≈ 0.44 / Δν

யாக் படிகம் 1064 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றி ஏறக்குறைய 0.45 நானோமீட்டர் அகலத்துக்கே ஒளியைப் பெருக்கும். அதிர்வெண்ணாக மாற்ற Δν = cΔλ/λ² என்ற சூத்திரம் போதும். விடை சுமார் 120 கிகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றாக எண்ணினால் அதற்குள் 1,200 அலைகள் அடங்கும். 0.44ஐ 120 கிகாஹெர்ட்ஸால் வகுத்தால் 3.7 பிக்கோ நொடி. கண்ணில் பாயும் 4 நானோ நொடித் துடிப்பைவிட ஆயிரம் மடங்கு குறுகியது. நடைமுறையில் பட்டையின் நடுப்பகுதி அதிகமாகவும் ஓரங்கள் குறைவாகவும் பெருகுவதால், அகலம் முழுவதும் கைக்கு வருவதில்லை. கணக்கு சொல்வதைவிடத் துடிப்பு நீளமாகவே கிடைக்கிறது.

அகலமான பட்டை வேண்டுமானால் படிகத்தையே மாற்ற வேண்டும். டைட்டானியம் கலந்த நீலக்கல், 800 நானோமீட்டரைச் சுற்றி 200 நானோமீட்டர் பரப்பைத் தாராளமாகப் பெருக்கும். அதே சூத்திரத்தில் போட்டால் 94 டெராஹெர்ட்ஸ், துடிப்பு 4.7 ஃபெம்டோ நொடி. 800 நானோமீட்டர் ஒளியலை ஒருமுறை அதிரவே 2.7 ஃபெம்டோ நொடி ஆகிறது. இந்தத் துடிப்புக்குள் இரண்டு அதிர்வுகூட முழுதாக அடங்காது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வில்சன் சிபெட்டின் குழு 1991இல் இந்தப் படிகத்திலிருந்து 60 ஃபெம்டோ நொடித் துடிப்புகளை எடுத்தது. அலைகளைக் கட்டும் வேலையை அங்கே படிகமே செய்தது. செறிவான ஒளி படிகத்தினுள் லென்ஸ் போலத் தன்னையே குவித்துக்கொள்ளும். குவிந்த துடிப்புக்கு இழப்பு குறைவு, பரவிய தொடர் ஒளிக்கு இழப்பு அதிகம். சுற்றுக்குச் சுற்று துடிப்பே ஜெயிக்கிறது. ஆனால் பெரும்பாலும் இது தானாகத் தொடங்குவதில்லை. ஆய்வகத்தில் கண்ணாடி ஒன்றை லேசாகத் தட்டுவார்கள். அந்த அதிர்ச்சியில் பிறக்கும் சிறு முகடு வளர்ந்து துடிப்பாகிவிடும். நிறமாலைமானியில் ஒல்லியான ஊசியாக நின்ற கோடு சட்டென்று அகன்று மேடாவதைப் பார்த்து, பிடித்துக்கொண்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

அகன்ற நிறமாலை கிடைத்ததாலேயே துடிப்பு குறுகியது என்று முடிவுகட்ட முடியாது. கண்ணாடிப் பொருளுக்குள் சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். 10 ஃபெம்டோ நொடித் துடிப்பு ஒரு சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடியைக் கடந்தால் சுமார் 100 ஃபெம்டோ நொடியாக நீண்டுவிடும். நிறமாலையின் அகலம் மட்டும் மாறாமல் 44 டெராஹெர்ட்ஸாகவே இருக்கும். எனவே ஆய்வாளர்கள் துடிப்பின் நீளத்தையும் தனியே அளந்து, இரண்டையும் பெருக்கிப் பார்க்கிறார்கள். மின்னணுக் கருவிகளின் வேகம் அதற்குப் போதாது. துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சற்றுத் தாமதித்து, அதன்மேலேயே மோதவிட்டு நீளத்தைக் கணிப்பார்கள். பெருக்குத்தொகை 0.44 வந்தால், மணி வடிவத் துடிப்பு தன் பட்டைக்கு எட்டக்கூடிய எல்லையைத் தொட்டுவிட்டது. 4.4 வந்தால் நிறங்கள் வழியில் சிதறியிருக்கின்றன. பிந்திய நீலம் முந்தியதை எட்டிப்பிடிக்கும்படி, ஒரு ஜோடி முப்பட்டகங்களின் இடைவெளியைச் சரிசெய்து மீண்டும் அளக்க வேண்டும்.